வெண்டையில் மஞ்சள் நரம்பு: பிடுங்குவதா, விட்டுப் பறிப்பதா, மொத்தமாக அழிப்பதா?

வெண்டை இலையின் நரம்புகள் மஞ்சளாக மாறி, இலை முழுவதும் வலை விரித்ததுபோல் தெரிந்துவிட்டால் அந்தச் செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. மஞ்சள் நரம்புத் தேமல் ஒரு வைரஸ் நோய். அதைச் செடியிலிருந்து வெளியேற்றும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. எனவே முடிவெடுக்க வேண்டியது மீதிச் செடிகளைப் பற்றித்தான். நோய்ச் செடிகளை மட்டும் பிடுங்கலாம், பிடுங்காமல் விட்டுக் காய் பறிக்கலாம், அல்லது வயலை மொத்தமாக அழித்து வேறு பயிர் வைக்கலாம். மூன்றும் சரியான முடிவுகளே. எந்த நாளில், எத்தனை செடியில் கண்டீர்கள் என்பதை வைத்தே எது பொருந்தும் என்று சொல்ல முடியும்.

முதலில் அது தேமல்தானா என்று உறுதி செய்யுங்கள். தேமலில் நரம்பு மஞ்சளாகும், நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி பச்சையாக இருக்கும். இரும்புச்சத்துக் குறைபாட்டில் இது தலைகீழ்: நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளுக்கும். தத்துப்பூச்சி தாக்கினால் இலையின் ஓரம் மஞ்சளாகி, மேல்நோக்கிக் கிண்ணம்போல் மடங்கி, பிறகு பழுப்பாகக் கருகும். குறைபாட்டைச் சத்து கொடுத்துச் சரிசெய்யலாம், தத்துப்பூச்சியை மருந்தடித்துக் குறைக்கலாம். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் நல்ல செடிகளைப் பிடுங்கிப் போடுவது அடிக்கடி நடக்கிறது. தேமல் முற்றிய செடியில் சந்தேகமே வராது. புது இலைகள் சிறுத்து முழு மஞ்சளாகவும், சில சமயம் வெண்மையாகவும் வரும். காய்கள் வெளிறி, குட்டையாக, நார் ஏறிக் கடினமாக இருக்கும். அந்தக் காயைத் தின்பதால் மனிதருக்குக் கெடுதல் இல்லை, சந்தையில்தான் விலை போகாது.

வெள்ளை ஈ நோயைக் கடத்தும் விதம்

இந்த வைரஸ் கை, கத்தி, மண், பாசன நீர் வழியாகப் பரவுவதில்லை. வயலில் அதைக் கடத்துவது வெள்ளை ஈ. இலையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள பூச்சி அது. நோய்ச் செடியில் உறிஞ்சிய ஈயின் உடலுக்குள் வைரஸ் போய், சில மணி நேரம் கழித்து உமிழ்நீர் வழியாக வெளிவரத் தொடங்கும். அதன்பிறகு அந்த ஈ சாகும்வரை, உட்கார்ந்து உறிஞ்சும் செடிகளுக்கெல்லாம் நோயைக் கொடுக்க வல்லது.

இதிலிருந்து முடிவுக்குத் தேவையான மூன்று செய்திகள் கிடைக்கின்றன. நோய்ச் செடியைப் பிடுங்கினால் புது ஈக்களுக்கு வைரஸ் கிடைக்கும் இடம் போகும். ஆனால் ஏற்கெனவே வைரஸ் ஏறிய ஈக்கள் வயலிலேயே இருக்கும். ஆகவே ஈயைக் குறைக்காமல் செடியை மட்டும் பிடுங்குவது அரை வேலை. இரண்டாவது, ஈ கடித்ததற்கும் நரம்பு மஞ்சளாவதற்கும் இடையே ஏறத்தாழ 10 முதல் 20 நாள் ஆகும். இன்று கண்ணில் படும் 30 செடி இரண்டு வாரத்துக்கு முன் நடந்த தொற்று. அதன்பின் தொற்றியவை இன்னும் பச்சையாகவே நிற்கின்றன. எனவே ஒருமுறை பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. மூன்றாவது, நம் வெயிலில் முட்டையிலிருந்து ஈ பறக்க மூன்று வாரம் போதும். ஒரு நோய்ச் செடியை ஒரு மாதம் விட்டுவைத்தால், அதிலேயே பிறந்து அதிலேயே வைரஸ் ஏற்றிக்கொண்ட ஒரு தலைமுறை ஈ கிளம்பும்.

செடியின் வயதும் அதே அளவு முக்கியம். பெங்களூரில் சாஸ்திரி, சிங் இருவரும் செய்து 1974இல் வெளியான ஆய்வு இதை எண்ணில் காட்டுகிறது. முளைத்த 35 நாளுக்குள் தொற்றிய செடியில் மகசூல் இழப்பு ஏறத்தாழ 94 விழுக்காடு. 50 நாளில் தொற்றினால் 84. 65 நாளில் தொற்றினால் 49. ரகமும் பருவமும் மாறினால் இந்த எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே போகலாம், ஆனால் இறங்கும் வரிசை மாறாது. இளம் வயதில் நோய் வந்த செடி காய் தராது, ஈக்களுக்கு வைரஸ் மட்டுமே தரும். பறிப்பு பாதி முடிந்தபின் நோய் வந்த செடி இன்னும் கொஞ்சம் காய் தரும்.

25 சென்டில் கணக்குப் போட்டுப் பார்த்தால்

வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் என்று நட்டால் 25 சென்டில் சுமார் 7,500 செடி நிற்கும். ரக வெண்டையில் ஹெக்டேருக்கு 12 முதல் 15 டன் என்று வைத்தால் இந்த 25 சென்டுக்கு 1,200 முதல் 1,500 கிலோ வரும். ஒரு செடிக்கு 160 முதல் 200 கிராம்.

விதைத்த 24ஆம் நாள் வரிசை வரிசையாக நடந்ததில் 30 செடியில் தேமல் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல செடியாக இருந்தாலே அந்த 30 செடியும் சேர்ந்து 6 கிலோவுக்கு மேல் தராது. இந்த வயதில் நோய் வந்ததால் அதில் 400 கிராம் வந்தாலே அதிகம். பிடுங்குவதால் இழப்பது இவ்வளவுதான். பிடுங்காவிட்டால் பணயம் வைப்பது மீதி 7,470 செடியை. தயங்க எதுவும் இல்லை, அன்றே பிடுங்க வேண்டும். இடைவெளி விழுந்த இடத்தில் பக்கத்துச் செடிகள் கொஞ்சம் கூடுதலாகக் கிளைத்து ஈடுகட்டும். சந்துநடவு வேண்டாம். பெரிய செடிகளுக்கு நடுவில் புதிதாக முளைக்கும் இளஞ்செடி ஈக்குப் பிடித்த இடமாகும், நோய்க்கு மிக எளிதாக ஆளாகும் வயதும் அதுதான்.

அதே வயல், 28ஆம் நாள், ஆனால் நோய் 1,900 செடியில், நாலில் ஒரு பங்கு. பத்து நாளுக்கு முன் தொற்றியதே இவ்வளவு என்றால், பச்சையாகத் தெரிபவற்றிலும் பெரும்பகுதி உள்ளுக்குள் நோயோடுதான் நிற்கிறது. 35 நாளுக்குள் எல்லாச் செடியும் தொற்றிவிட்டால் 1,200 கிலோ கிடைக்க வேண்டிய இடத்தில் 70, 80 கிலோதான் மிஞ்சும். இன்னும் இரண்டு மாதத்துக்குத் தண்ணீர், உரம், ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்புக் கூலி எல்லாம் இந்த 80 கிலோவுக்காக. இங்கே மொத்தமாக அழிப்பதே குறைந்த நட்டம். விதைச் செலவும் உழவுச் செலவும் போகும், அதோடு நிற்கும்.

இனி அதே வயல் 60ஆம் நாள். 45ஆம் நாளில் பறிப்பு தொடங்கி ஏழெட்டுப் பறிப்பு முடிந்திருக்கிறது. 1,500 செடியில் மஞ்சள். முந்தைய வயலைவிடச் சற்றுக் குறைவான எண்ணிக்கைதான், ஆனால் முடிவு வேறு. மீதி 6,000 செடி இனித் தொற்றினாலும் ஒரு பகுதி மகசூல் கைக்கு வந்துவிட்டது. தொற்றிய செடியும் இன்னும் சில வாரம் ஏதோ கொடுக்கும். 1,500 செடியைப் பிடுங்கும் கூலி திரும்பி வராது. இங்கே விட்டுப் பறிப்பதே கணக்குக்குச் சரி. வெளுத்த காய் காய்க்கத் தொடங்கிய செடிகளை மட்டும் பறிப்புக்குப் போகும்போதே பிடுங்கிக் கொண்டுவரலாம். பறிப்புக் கூலி காய் விலையைத் தாண்டும் நாளில் வயலை முடித்துவிட வேண்டும்.

விட்டுப் பறிக்கும் இந்த முடிவை ஒரே ஒரு விஷயம் புரட்டிப் போடும். பக்கத்தில் உங்களுடையதோ அண்டை வீட்டாருடையதோ ஒரு மாத வயதுக்குட்பட்ட வெண்டை இருந்தால், இந்தப் பழைய வயல் அதற்கு நோய்க் கிடங்கு. நாள்பட்ட வெண்டையை ஓரமாகக் காய விட்டு, அடுத்த வெண்டையை அதன் பக்கத்திலேயே விதைப்பதுதான் நம் ஊர்களில் இந்த நோய் ஆண்டு முழுக்க அறுபடாமல் வருவதற்குப் பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. அப்படிப் பக்கத்தில் இளம்பயிர் இருந்தால் கடைசி இரண்டு மூன்று பறிப்பை விட்டுக்கொடுத்துப் பழைய வயலை அழிப்பது மேல்.

எத்தனை விழுக்காடு என்று எல்லை கேட்டால் நான் சொல்வது இது: பூக்கும் முன் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் பிடுங்குங்கள், நாலில் ஒரு பங்கை எட்டிவிட்டால் அழியுங்கள், நடுவில் இருந்தால் ஒரு வாரம் பிடுங்கி, ஈயையும் குறைத்து, எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். கோடு போட்ட விதி அல்ல, ஈ எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து இது நகரும்.

அதையும் வயலே சொல்லும். ஒரு நோய்ச் செடியைச் சுற்றி அடுத்தடுத்த செடிகள் மஞ்சளாகித் திட்டுத் திட்டாக விரிந்தால் நோய் வயலுக்குள்ளேயே சுற்றுகிறது. அங்கே பிடுங்குவது நன்றாகப் பலிக்கும். ஒரு பக்க ஓர வரிசைகள் மட்டும் முதலில் மஞ்சளாகி உள்ளே நகர்ந்தால் ஈ அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே பழைய வெண்டையோ, துத்தி, அரிவாள்மனைப்பூண்டு போன்ற வெண்டைக் குடும்பக் களைகளோ மஞ்சள் நரம்போடு நிற்கிறதா என்று வரப்பு ஓரம் பாருங்கள். அந்த மூலத்தை எடுக்காமல் உள்ளே எத்தனை முறை பிடுங்கினாலும் ஓர வரிசை மறுபடி மஞ்சளாகும்.

பிடுங்கும் முறை

பிடுங்கியும் பலன் இல்லை என்பவர்கள் பெரும்பாலும் வரிசையை மாற்றிச் செய்தவர்கள். பகல் வெயிலில் செடியை அசைத்தால் அடியில் இருந்த ஈக்கள் எழுந்து பக்கத்துச் செடிகளில் உட்காரும். நோயை நாமே விரட்டி விதைத்ததாகிவிடும். முதலில் ஈ, பிறகு செடி.

முந்தின நாள் மாலை லேசாகத் தண்ணீர் விடுங்கள். வெண்டையின் ஆணிவேர் காய்ந்த மண்ணில் வராது, தண்டு மட்டும் ஒடியும். ஒடிந்த கட்டையிலிருந்து தளிர் வரும், அது முதல் இலையிலிருந்தே மஞ்சளாகத்தான் வரும். அன்று மாலையே நோய்ச் செடிகளுக்கும் அவற்றைச் சுற்றி இரண்டு மூன்று செடி ஆழத்துக்கும் இலையின் அடிப்பக்கம் நனையும்படி மருந்து தெளியுங்கள். மறுநாள் விடிந்ததும், பனி ஈரத்தில் ஈ சுறுசுறுப்பில்லாமல் இருக்கும்போது, ஒரு பிளாஸ்டிக் சாக்கைச் செடியின் தலைவழியே கவிழ்த்து, அடித்தண்டைப் பிடித்து வேரோடு இழுத்துச் சாக்குக்குள்ளேயே போடுங்கள். சாக்கின் வாயைக் கட்டி ஒரு நாள் முழு வெயிலில் வையுங்கள். உள்ளே இருக்கும் ஈயும் குஞ்சும் வெந்து சாகும். பிறகு குழியில் புதைக்கலாம், எருக்குழியிலும் போடலாம். செடி காய்ந்து மக்கியபின் அதிலிருந்து நோய் பரவாது, ஆகவே எரித்தே தீரவேண்டும் என்பதில்லை. பிடுங்கிய செடியை வரப்பில் பச்சையாகப் போட்டு வைப்பதுதான் தவறு. அது வாட வாட ஈ உயிருள்ள செடி தேடிப் பறக்கும்.

இதை வாரம் இருமுறை, முதல் பறிப்பு வரை, வரிசை விடாமல் நடந்து செய்ய வேண்டும். தளிரிலிருந்து இரண்டாவது மூன்றாவது இலையைப் பாருங்கள், தேமல் முதலில் அங்கேதான் தெரியும். ஒவ்வொரு நடையிலும் எண்ணிக்கையை எழுதி வையுங்கள். 30, 25, 12 என்று இறங்கினால் வென்றுகொண்டிருக்கிறீர்கள். முதல் இரண்டு வாரம் எண்ணிக்கை கொஞ்சம் ஏறுவது இயல்பு, ஏற்கெனவே தொற்றியவை அப்போதுதான் வெளியே வரும். மூன்றாவது வாரமும் ஏறினால் ஈ வெளியிலிருந்து வருகிறது என்று பொருள்.

தெளிப்புக்கு முதலில் ஐந்து விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாறு: அரைக் கிலோ கொட்டைப் பருப்பைத் தூளாக்கி இரவு முழுக்க நீரில் ஊறவைத்து, வடிகட்டி 10 லிட்டராக்கி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிப்பது. இது பறக்கும் ஈயைவிடக் குஞ்சுகளின் மேல்தான் நன்றாக வேலை செய்யும், எனவே வாரம் ஒருமுறை அடிக்க வேண்டும். ஈ அதிகமாக இருந்தால் தயாமீத்தாக்சம் 25 குருணை, 10 லிட்டருக்கு 2 கிராம். 25 சென்டுக்கு 50 லிட்டர் கரைசல், அதாவது 10 கிராம் போதும். அடித்தபின் ஐந்து நாள் காய் பறிக்கக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கும் பயிரில் இதைக் கடைப்பிடிப்பது கடினம், அதனால் இந்த மருந்துக்கு உரிய காலம் பறிப்புக்கு முன்தான். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் ஈ பழகிக்கொள்ளும். சைபர்மெத்ரின் வகை மருந்துகளைக் காய்ப்புழுவுக்கு அடிக்கடி அடித்த வயலில் வெள்ளை ஈ பெருகுவது தெரிந்த விஷயம், அவை ஈயைத் தின்னும் நன்மைப் பூச்சிகளை முதலில் கொன்றுவிடும்.

மஞ்சள் ஒட்டுப்பொறி ஈயைக் கண்காணிக்க நல்லது. 25 சென்டுக்கு நாலைந்து வைத்து, அட்டையின் அடி பயிரின் தலைமட்டத்தில் இருக்கும்படி பயிர் வளர வளர உயர்த்துங்கள். பொறி மட்டுமே நோயை நிறுத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வேறு இரண்டு வழிகளையும் சிலர் செய்கிறார்கள், இரண்டும் பயன் தராது. மஞ்சள் இலைகளை மட்டும் கிள்ளுவதால் செடி முழுக்க ஓடும் வைரஸ் போகாது, அடுத்த இலையும் மஞ்சளாகவே வரும். நோய்ச் செடியை அரை அடி விட்டுக் கவாத்துச் செய்து மறுதாம்பு எடுப்பது அதைவிட மோசம். துளிர்க்கும் இளந்தளிர் எல்லாம் நோயோடு வரும், ஈயும் இளந்தளிரைத்தான் தேடும்.

மாடித்தோட்டத்திலும் கத்தரியிலும்

மாடியில் பத்துப் பன்னிரண்டு பை வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே ஒரு செடி என்பது பத்து விழுக்காடு. ஆனாலும் செடிகள் ஒன்றையொன்று தொட்டு நிற்பதாலும் ஈயைக் கையாலேயே கட்டுப்படுத்த முடிவதாலும் எந்த வயதிலும் பிடுங்குவதே நல்லது. பையில் உள்ள மண்ணைக் கொட்ட வேண்டாம், அதில் நோய் தங்காது, அதிலேயே உடனே வேறு பயிர் விதைக்கலாம். பக்கத்தில் செம்பருத்தி இருந்தால் அதன் இலை அடிப்பக்கத்தையும் பாருங்கள், வெள்ளை ஈ அங்கே வசதியாகப் பெருகும்.

கத்தரியில் மஞ்சள் தேமல் சற்று வேறு மாதிரி தெரியும். வலைபோன்ற நரம்பைவிடப் பளிச்சென்ற மஞ்சள் திட்டுகளாக இலை முழுக்கப் பரவும். இதுவும் வெள்ளை ஈ கடத்தும் வைரஸ்தான், பிடுங்கும் முறையும் அதேதான். ஆனால் கத்தரி பல மாதம் காய்க்கும் பயிர் என்பதால் நோய்ச் செடி ஈக்கு வைரஸ் கொடுக்கும் காலமும் நீளம். காய்ப்புத் தொடங்கிய பிறகும் பிடுங்குவது இங்கே பலன் தரும். இலை விரல்நுனி அளவுக்குச் சிறுத்து, கொத்துக் கொத்தாகப் புதர்போல ஆனால் அது சிற்றிலை நோய். அதைக் கடத்துவது தத்துப்பூச்சி. அந்தச் செடியையும் பிடுங்கத்தான் வேண்டும், ஆனால் வெள்ளை ஈக்கு மருந்தடித்துப் பணத்தை வீணாக்காதீர்கள்.

அழித்தபின் என்ன வைப்பது

மொத்தமாக அழிக்க முடிவெடுத்தால் முழு வயலுக்கும் ஈக்குத் தெளித்து, இரண்டு நாள் கழித்து உழுங்கள். தெளிக்காமல் உழுதால் ஊர் ஈ எல்லாம் அடுத்த வயலுக்குப் போகும். தக்காளி, மிளகாய், கத்தரி, பூசணி, பீன்ஸ் எல்லாமே வெள்ளை ஈக்கு உணவு என்பதால் உடனே அவற்றை வைக்காதீர்கள். மக்காச்சோளம், கம்பு, சின்ன வெங்காயம் இவற்றில் ஒன்றை வைத்தால் அந்த இடத்தில் ஈயின் சுற்று அறுபடும்.

மறுபடி வெண்டை வைக்கும்போது, ஆடியை ஒட்டிய ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான விதைப்பைவிடத் தை, மாசி விதைப்பில் இந்த நோய் கூடுதலாக இருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். மாசியில் விதைத்த பயிர் இளம் வயதிலேயே பங்குனி, சித்திரை வெயிலைச் சந்திக்கும். காய்ந்த வெயில் ஈக்கு உகந்தது, கனமழை அதை அடித்துக் குறைக்கும். கோடை விலைக்காக மாசியில்தான் விதைக்க வேண்டும் என்றால் மூன்று வாரத்துக்கு முன்பே வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் நெருக்கமாக விதைத்து வேலி எழுப்புங்கள். தாழப் பறந்து வரும் ஈயில் ஒரு பகுதி அதில் தடுக்கும்.

ரகத்தில் அர்கா அனாமிகா, பர்பானி கிராந்தி போன்றவை எதிர்ப்புத் திறனுக்காகவே உருவாக்கப்பட்டவை. ஆனால் ஒரு காலத்தில் நோய் தாங்கும் என்று நாடெங்கும் பரவிய பூசா சவானி பிறகு எளிதில் நோய்க்கு ஆளாகியது. இவற்றின் எதிர்ப்பும் இடத்துக்கு இடம் மாறுகிறது. எனவே விதைப் பையில் எழுதியிருப்பதைவிட, உங்கள் ஊரில் போன கோடையில் எந்த ரகம் 35 நாளைப் பச்சையாகத் தாண்டியது என்று விசாரித்து வாங்குங்கள். அந்த விதையை இமிடாகுளோபிரிட் விதைநேர்த்தி செய்தால் முதல் மூன்று நான்கு வாரம் ஈயின் கூட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும். வீரிய ஒட்டு விதைகள் பலவும் நேர்த்தி செய்தே நிறம் ஏற்றி வருகின்றன, அவற்றுக்கு மறுபடி செய்ய வேண்டாம்.